முதல் பெஞ்சில் உட்கார வைத்தால் போதுமா?

"மெஷின் போட்டிருக்கிறாள், முதல் பெஞ்சில்தான் உட்கார வைத்திருக்கிறோம். வேண்டுமென்றால் காதில் விழுகிறது, வேண்டாமென்றால் விழுவதில்லை. கவனக்குறைவுதான்."

காது சரியாகக் கேட்காததால் காதில் மெஷின், அதாவது காதுக் கருவி, போட்டிருக்கும் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நோட்டில் ஆசிரியர் எழுதி அனுப்பிய குறிப்பு இது. ஆள் மாறும், பள்ளி மாறும், வாக்கியம் மட்டும் மாறாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு முறை விரிவாகவே சொல்லிவிடலாம்.

அந்தப் பெண்ணின் கேட்கும் திறனை அளந்த ஆடியோகிராமில் 500 ஹெர்ட்ஸில் இழப்பு 30 டெசிபல், 2000 ஹெர்ட்ஸில் 60, 4000 ஹெர்ட்ஸில் 75. வலது காது கொஞ்சம் மேல். தாழ்ந்த சுருதி ஒலிகள் ஓரளவு கேட்கின்றன. உயர் சுருதிக்குப் போகப் போகத் தேய்கின்றன. பேச்சில் ஆ, ஊ, ம் போன்றவை தாழ்ந்த பக்கம் இருக்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் த, ச, க போன்ற மெய்யொலிகளின் அடையாளமோ பெரும்பாலும் உயர்ந்த பக்கம். ஆகவே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள். பழகிய பெயர், அதன் உயிரொலிகளே போதும். அதை வைத்து "நன்றாகக் கேட்கிறதே" என்று முடிவு கட்டாதீர்கள். பேசுவது கேட்பது வேறு, என்ன பேசுகிறார்கள் என்று பிரிந்து கேட்பது வேறு.

மெஷின் கண்ணாடியைப் போன்றதல்ல. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிந்துவிடும். மெஷின் ஒலியைப் பெருக்கித் தரும். உட்செவியில் சேதமான செல்களைச் சரிசெய்யாது. தவிர, அது பெருக்குவது உங்கள் குரலை மட்டுமல்ல. மின்விசிறி, பெஞ்ச் நகரும் சத்தம், பின்வரிசைக் கிசுகிசு எல்லாவற்றையும் சேர்த்துத்தான்.

அப்படியானால் இந்தக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? பாதி காதால், பாதி கண்ணால். "பட்டு, தட்டு, கட்டு" என்று சொல்லிப் பாருங்கள். இவள் காதுக்கு மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் "பட்டு" சொல்லும்போது உதடு மூடித் திறப்பதைக் கண் பிடித்துவிடும். இப்போது "பட்டு, மட்டு" சொல்லுங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றே. மகரத்தின் முனகல் தாழ்ந்த சுருதி என்பதால் அதைக் காது பிடித்துவிடும். காது விட்டதைக் கண்ணும், கண் விட்டதைக் காதும் எடுத்துக் கொடுக்கின்றன. "தட்டு, கட்டு" மட்டும் இரண்டுக்கும் கடினம். அங்கே வாக்கியம்தான் துணை. இருக்கை, வெளிச்சம், பேச்சு மூன்றிலும் செய்ய வேண்டியவை இதிலிருந்தே வருகின்றன.

இனி அந்த முதல் பெஞ்சுக்கு வருவோம். இவள் முதல் பெஞ்சின் நடுவில் இருந்தாள். ஆசிரியர் மேடையை ஒட்டி நின்றால் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். தெரிவது தாடை. அவர் பாடம் சொல்லிக்கொண்டே பின்வரிசைக்கு நடந்தால் முகம் போயிற்று, குரலும் போயிற்று. பின்னாலிருந்து ஒரு மாணவன் பதில் சொன்னால், யார் பேசுகிறார்கள் என்று தேடித் திரும்புவதற்குள் பதில் முடிந்துவிடும். "அடிக்கடி பின்னால் திரும்பிப் பேசுகிறாள்" என்று இன்னொரு புகார்!

சரியான இடம் இரண்டாம் வரிசை, ஓரம். அதுவும் எந்த ஓரம் என்பது முக்கியம். வலது காது மேல் என்றால், கரும்பலகையைப் பார்த்து உட்காரும்போது அவளுக்கு இடப்பக்கமாக வரும் ஓரம். அப்போது வலது காது வகுப்பை நோக்கி இருக்கும், லேசாகத் திரும்பினாலே மற்ற பிள்ளைகள் முகமும் தெரியும். கதவை ஒட்டியும் மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

தூரத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். தூரம் இரு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 65 டெசிபலாக இருக்கும் உங்கள் குரல் நான்கு மீட்டரில் ஏறக்குறைய 53. அறையின் இரைச்சல் 50 என்று வைத்தால், 15 டெசிபல் மேலே நின்ற குரல் 3 டெசிபலுக்கு வந்துவிட்டது. சுவரில் பட்டு எதிரொலித்து வருவதால் மொத்தச் சத்தம் அவ்வளவு குறையாமல் போகலாம். ஆனால் எதிரொலி தெளிவைத் தராது, குழப்பத்தைத்தான் கூட்டும். நல்ல காதுள்ள பிள்ளைகள் சமாளிப்பார்கள். இவளுக்கு 15 வேண்டும்.

வெளிச்சத்துக்குச் சோதனை எளிது. அவள் இடத்தில் நீங்கள் உட்காருங்கள், வேறொருவரை நீங்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் கரிய நிழலாகத் தெரியும். இரண்டடி தள்ளி நின்றாலே தீர்ந்துவிடும். இந்தச் சோதனையை மதியமும் ஒரு முறை செய்யுங்கள், வெயில் திசை மாறும். புரொஜெக்டர் போடும்போது எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் விளக்கம் சொல்வது, இவளைப் பொறுத்தவரை படத்தை மட்டும் காட்டிப் பேச்சை நிறுத்திவிடுவதுதான். உங்கள் மேல் விழும் ஒரு விளக்காவது எரியட்டும்.

பேச்சில் முதல் வேண்டுகோள்: தயவுசெய்து கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிகள்தான் பெருகும். அவளுக்குக் குறைவாக இருந்த மெய்யொலி அதே இடத்தில் நிற்கும், வாயும் கோணும். மெஷின் வேறு மிகுந்த சத்தத்தைத் தானே அமுக்கிவிடும். "வெப்... பம்..." என்று பிய்த்துச் சொல்வதும் வேண்டாம், அவள் கண் பழகிய உதட்டு வடிவம் அது அல்ல. இயல்பான குரல், சற்றே நிதானம், ஒவ்வொரு தொடரின் முடிவிலும் ஒரு சின்ன நிறுத்தம். அவ்வளவே.

கரும்பலகையைப் பார்த்துப் பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். புத்தகத்தை வாய்க்கு முன் பிடிக்காமல் மார்புக்குக் கீழே பிடியுங்கள். புரியவில்லை என்றால் அதையே மூன்று தரம் சொல்லாமல், ஒரு தரம் சொல்லிவிட்டு வேறு சொற்களில் சொல்லுங்கள். "ஆவியாதல்" பிடிபடவில்லையா, "தண்ணீர் ஆவியாக மாறிக் காற்றில் கலப்பது" என்று சொல்லி அந்தச் சொல்லைப் பலகையில் எழுதுங்கள். இன்னொரு பிள்ளை பதில் சொல்லும்போது அவன் பெயரைச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, பதிலை நீங்கள் ஒரு முறை திருப்பிச் சொல்லுங்கள்.

"புரிந்ததா?" என்று மட்டும் கேட்காதீர்கள். தலை கட்டாயம் ஆடும். "இப்போது முதலில் என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டால் உண்மை தெரியும்.

இவளை "கவனக்குறைவு" என்று எழுத வைத்தது சொல்வதெழுதுதல். ஆசிரியர் நடந்துகொண்டே படித்தார், "தட்டு" என்றதற்கு "கட்டு" என்று எழுதினாள். ஒரே இடத்தில் நின்று, "தட்டு. சோறு போடும் தட்டு" என்று சொல்லுங்கள், குழப்பம் வெகுவாகக் குறையும்.

காலையில் ஒரு நிமிடம்: அவளுக்குப் பின்னால் ஒரு மீட்டர் தள்ளி நின்று ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை முன்பின்னாகச் சொல்லுங்கள், அவள் திருப்பிச் சொல்லட்டும். லிங் சோதனை என்பார்கள். நேற்றுவரை வந்த "ஸ்" இன்று வரவில்லை என்றால் மெஷினின் பேட்டரியையும் அதன் குழாயில் அடைத்த ஈரத்தையும் அழுக்கையும் பாருங்கள். எதுவும் இல்லையென்றால் அன்றே பெற்றோருக்குச் சொல்லுங்கள், அடுத்த கூட்டம்வரை வைத்திருக்காதீர்கள்.