அடுத்த வெள்ளி எந்த வெள்ளி?

வெள்ளவத்தையில் பின்னேரங்களில் நோயாளிகளைப் பார்க்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை வந்த எழுபது கடந்த ஐயா ஒருவருக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லை. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் 3 மில்லிகிராம் குளிசையை இரவில் போடுகிறவர். இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவு அவருக்கு 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும், மாதக்கணக்காக அப்படியே நின்றது. அன்று காலை பல் டொக்டர் அவருக்கு ஏழு நாளுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்திருந்தார். அந்த மருந்து உடம்பில் வார்ஃபரின் கழிந்துபோவதைத் தடுக்கும். அதனால் குளிசையைக் கூட்டாமலே ஐ.என்.ஆர். ஏறும். மூன்று முதல் ஐந்து நாளுக்குள் இரத்தம் பார்த்தால் ஏறுவதைப் பிடித்துவிடலாம்.

"அடுத்த வெள்ளி இரத்தம் பாத்திட்டு வாங்கோ ஐயா" என்றேன். அன்று 11ஆம் தேதி. நான் நினைத்தது 14. அவர் வந்தது 21.

கையில் நீலமாகக் கண்டிப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பல் துலக்கும்போது இரத்தம் வருகிறதாம். ஐ.என்.ஆர். 5.4. "வெள்ளி உங்களிட்ட வரத்தானே போறன், அதுதான் பொறுத்திருந்தன்" என்றார். இரண்டு இரவு குளிசையை நிறுத்தி, திரும்பப் பார்த்ததில் இறங்கிவிட்டது. அவர் என் சொல்லைத்தான் அப்படியே கேட்டு நடந்தார். பிழை என்னுடையது.

அவருக்கு 14ஆம் தேதி 'இந்த வெள்ளி', அல்லது 'வாற வெள்ளி'. அடுத்த வெள்ளி என்றால் அடுத்த கிழமையில் வரும் வெள்ளி. நம் பேச்சில் கிழமை என்பது வாரமும்தான், நாளும்தான் என்பதால் இப்படி விளங்கிக்கொள்வது மிகவும் இயல்பு. எனக்கோ இன்றைக்கு அடுத்ததாக வருகிற வெள்ளி. இரண்டும் சரியான தமிழ்தான், இடையில் ஏழு நாள்.

எந்த நாளில் சொல்கிறோம் என்பதையும் கவனித்து வருகிறேன். வியாழனன்று யாரும் குழம்புவதில்லை, ஏனென்றால் மறுநாளை 'நாளைக்கு' என்றே சொல்லிவிடுகிறோம். சனியன்று சொன்னால் இரண்டு பேரின் கணக்கும் பெரும்பாலும் ஒரே வெள்ளியில் வந்து நிற்கும். திங்கள், செவ்வாய், புதன்தான் மோசம். ஞாயிறும் கொஞ்சம் சிக்கல்தான்: சுவர்க் கலண்டரில் கிழமை ஞாயிறில் தொடங்குகிறது, வேலைக்குப் போகிறவர்களுக்குத் திங்களில்.

இன்னொன்றை ஒரு முஸ்லிம் அம்மாவிடம் கற்றேன். "வெள்ளி இரவு பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாமல், விடிய இரத்தம் கொடுங்கோ" என்றிருந்தேன். அவர் வெள்ளிக்கிழமை காலையே வெறும் வயிற்றோடு வந்துவிட்டார். இஸ்லாமிய நாள் சூரியன் மறைய ஆரம்பிக்கிறது. ஆகவே வியாழன் பின்னேரத்துக்குப் பிறகு வருவதுதான் அவருக்கு வெள்ளி இரவு. அவர்களுடைய அழைப்பிதழ்களில் 'வியாழன் மாலை, வெள்ளி இரவு' என்று சேர்த்துப் போடுவது ஏன் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. இப்போது இரவைச் சொல்லாமல் "சனிக்கிழமை காலை இரத்தம் எடுக்கிறது, அதுக்கு முந்தின இரவு சாப்பாடு வேண்டாம்" என்கிறேன்.

'இன்றைக்குள் ரிப்போர்ட் வரும்', 'வீக்கெண்டில் வாங்கோ' என்பதும் இதே கதைதான். ரிப்போர்ட் வருவது இரவு எட்டு மணிக்கு, நான் கிளினிக்கிலிருந்து எழும்பிப் போவது ஏழரைக்கு. கொழும்பில் பலருக்குச் சனி அரைநாள் வேலை, அவர்களுடைய வீக்கெண்ட் மத்தியானத்துக்குப் பிறகுதான்.

சரி, 'மூன்று நாளில் வாங்கோ' என்று எண்ணிச் சொன்னால் போதாதா? அதிலும் ஒரு நாள் வழுக்கும். எட்டு, முப்பத்தொன்று என்று நாள் பார்க்கும் நம் வீடுகளில் இறந்த நாளையும் சேர்த்து எண்ணுவார்கள். செவ்வாயைச் சேர்த்தால் மூன்றாம் நாள் வியாழன், சேர்க்காவிட்டால் வெள்ளி.

ஆகவே துண்டில் கிழமையும் தேதியும் இரண்டையும் எழுதுகிறேன்: 'வெள்ளி, 14'. தேதி மட்டும் எழுதி 14 என்பது 24 ஆகிவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை. கிழமையும் இருந்தால், 24 திங்களாச்சே என்று வீட்டில் யாராவது கோல் எடுப்பார்கள். எழுதும்போதே கலண்டரைப் பார்ப்பதால் அன்று போயாவா என்பதும் தெரிந்துவிடும்.

எழுதிக் கொடுத்த பிறகும் ஒன்று கேட்கிறேன். "எப்ப வருவீங்கள்?" என்று கேட்பதில்லை. அதற்கு "வெள்ளி" என்றுதான் பதில் வரும், எந்த வெள்ளி என்று எனக்குத் தெரியாது. "வரமுதல் இன்னும் எத்தனை இரவு குளிசை போடுவீங்கள்?" என்று கேட்கிறேன். அந்தச் செவ்வாயன்று இதைக் கேட்டிருந்தால், நான் எதிர்பார்த்த பதில் மூன்று. ஐயா பத்து என்றிருப்பார்.