தலையாட்டிக்கொண்டே நிராகரிக்கும் பேனல்கள்

போன வாரம் ஒரு வேலைக்கான நேர்காணல் பேனல் முடிந்ததும் மூன்று மதிப்பெண் தாள்களையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு விஷயத்துக்கு ஒன்றாக இருந்த ஐந்து கட்டங்களில் இரண்டு கட்டங்கள் மூன்று தாள்களிலுமே காலி. முதல் கட்டத்தில் மூவரும் ஐந்துக்கு 2 போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அடியில் எழுதியிருந்தார்: "நல்ல மாதிரி. ஆனால் கேட்டதற்குப் பதில் வரவில்லை." இந்த வாக்கியத்தை இந்த வருடம் எத்தனை தாள்களில் படித்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மருந்துக் கிடங்கு ஒன்றில் ஷிப்ட் மேற்பார்வையாளர் வேலை. நேர்காணலுக்கு 45 நிமிடம். கேட்பவர்கள் மூன்று பேர்: கிடங்கு மேலாளர், தரப் பிரிவிலிருந்து ஒருவர், ஹெச்.ஆரிலிருந்து ஒருவர். நான் ஓரத்தில் உட்கார்ந்து கவனிக்க வந்தவன், நடுவில் பேசக் கூடாது என்று ஏற்பாடு. (பேசாமல் இருப்பது இந்தத் தொழிலிலேயே கஷ்டமான பகுதி.)

வணக்கம், அறிமுகம் எல்லாம் மூன்று நிமிடம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்றதற்கு வேலை கேட்டு வந்த பெண் எட்டு நிமிடம் பேசினார். பயோடேட்டாவில் இருந்ததுதான். அப்புறம் மேலாளர் முதல் முக்கியமான கேள்வியைக் கேட்டார்: "இருப்புக் கணக்கு இடிச்சப்போ நீங்க என்ன செஞ்சீங்க?" அந்தப் பெண் தொடங்கியது சரியான இடத்தில்தான். புது மென்பொருளுக்கு மாறிய மாதம், கணக்கு இடித்தது. ஆனால் அங்கிருந்து மென்பொருளின் குறைகளுக்குப் போனார், பழையது எவ்வளவு நன்றாக இருந்தது என்று போனார். மூவரும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் தரப் பிரிவுக்காரர் ஆர்வமாகி, "அதுல காலாவதி எச்சரிக்கை வருமா?" என்று கேட்டார். போயிற்று. மேலாளரின் அந்த முதல் கேள்வி மட்டும் பதினோரு நிமிடம் தின்றது. மிச்ச நேரத்தில் குழுவை நடத்துவது பற்றிப் பத்து நிமிடம், லாரிக்காரர்களோடு வரும் தகராறு பற்றி எட்டு நிமிடம். குளிர் அறை பழுதானால் என்ன செய்வார், ஆள் பாதுகாப்பை எப்படிப் பார்ப்பார் என்ற இரண்டும் கேட்கப்படவே இல்லை. கடைசி ஐந்து நிமிடம் அவருடைய சந்தேகங்களுக்கு.

நிராகரிப்பு போனதும் அவர் மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். அதில் இரண்டு வரி: "திரும்பி வந்த பெட்டிகள் இரண்டு முறை பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, இரண்டு இரவுகளில் எல்லா அடுக்குகளையும் கையால் எண்ணிக் கணக்கைச் சரிசெய்தேன். இதைச் சொல்லத்தான் வந்தேன், சொன்னேனா என்று நினைவில்லை."

சொல்லவில்லை. அந்த இரண்டு வரி அறையில் வந்திருந்தால் முதல் கட்டத்தில் 4 விழுந்திருக்கும்.

இனி, எனக்கு மிக எரிச்சலூட்டும் நம்பிக்கைக்கு வருகிறேன். "பேசுறவங்களை நடுவுல நிறுத்தலாமா சார், மரியாதையா இருக்காதே?" கூட்டம் முடிந்ததும் அந்த ஹெச்.ஆர். நண்பர் என்னிடம் கேட்டது இது. நல்ல மனம்தான். ஆனால் நேர்காணலில் வந்தவருக்குச் சொந்தமானது 45 நிமிடம் மட்டுமே. பதினோரு நிமிடம் மென்பொருளுக்குப் போனால் அது உங்கள் பொறுமைக் கணக்கில் கழிவதில்லை, அவர் மதிப்பெண் கணக்கில் கழிகிறது. மதிப்பெண் தாளில் காலிக் கட்டம் பூஜ்யத்துக்குச் சமமாகவே பின்னால் படிக்கப்படும். வாயை மூடித் தலையாட்டிவிட்டு, வெளியே போனதும் "பதில் வரவில்லை" என்று எழுதுவதில் என்ன மரியாதை இருக்கிறது? அதிலும் தலையாட்டுவது இருக்கிறதே, அது "சரியாகப் போகிறது, தொடருங்கள்" என்று அவருக்குச் சொல்லும் சைகை. வழி தப்பிப் போகிறவரிடம் "நேராப் போங்க" என்று கைகாட்டுவது மாதிரி.

இதற்கு ஒரு புத்திசாலிப் பதிப்பும் உண்டு: "விட்டுப் பார்ப்போம், சுருக்கமாகப் பேசத் தெரிகிறதா என்று தெரிந்துவிடும்." பேச்சே வேலையாக இருக்கிற பதவி என்றால் அதற்குத் தனிக் கட்டம் போட்டு எல்லோரையும் அதில் அளந்துகொள்ளுங்கள். கிடங்கில் பெட்டி எண்ணத் தெரிந்தவரைத் தேடும்போது, பதற்றத்தில் நீளமாகப் பேசியதற்கு ரகசியமாக மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

இன்னொன்று. தடம் மாறுவதில் பாதி பேனலின் கைங்கரியம். அன்றைக்கு அந்தப் பெண் மென்பொருள் பக்கம் சாய்ந்தார், சரி. ஆனால் அவரைக் கையைப் பிடித்து அங்கேயே கூட்டிப்போனது காலாவதி எச்சரிக்கைக் கேள்விதான். வேலைகளை முன்னாலேயே பிரித்துக்கொள்ளாத பேனலில் இது நடந்தே தீரும்.

பிரிப்பது என்றால், "நீங்க ரெண்டு கேள்வி, நான் மூணு கேள்வி" என்று பங்கு போடுவதல்ல. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே ஒரு சொந்தக்காரர் வேண்டும். இருப்புக் கணக்கு மேலாளருடையது என்றால் கேள்வி அவருடையது, துணைக் கேள்விகள் அவருடையவை, போதும் என்று மூடுவதும் அவரே. மற்றவர்களுக்கு ஏதாவது தோன்றினால் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கலாம். மூடுவதற்கு முன் அவர் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார், அப்போது கேட்கலாம். அந்தக் கட்டத்துக்குத் தேவைப்பட்டால் மட்டும்.

குறிப்பெடுப்பதையும் யோசித்துக் கொடுங்கள். கேள்வி கேட்பவரால் ஒழுங்காக எழுத முடியாது. அடுத்துக் கேட்கப்போகிறவரும் எழுத மாட்டார், மனது தன் கேள்வியை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே மூவர் பேனலில், இப்போதுதான் தன் முறையை முடித்தவர் எழுத வேண்டும். மேலாளர் முடித்துத் தரப் பிரிவுக்காரர் கேட்கத் தொடங்கினால், பேனா மேலாளர் கையில். முதல் கேள்விக்கு மட்டும் கடைசியாகக் கேட்கப்போகிறவர் எழுதலாம்.

தலைவர் ஒருவர் தேவை. பதவியில் பெரியவர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கடிகாரத்தைப் பார்க்கக் கூச்சப்படாதவராக இருந்தால் போதும். கணக்கு எளிது: தொடக்கத்துக்கு 3 நிமிடம், ஐந்து கட்டங்களுக்கு ஏழு ஏழாக 35, வந்தவரின் கேள்விகளுக்கு 5, முடிப்பதற்கு 2. "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" இதில் எங்கே இருக்கிறது? இல்லை. தொடக்கத்து மூன்று நிமிடத்துக்குள் முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், பயோடேட்டாவை முன்னாலேயே படித்துவிட்டு வாருங்கள்.

இப்போது தடம் மாறியவரைத் திருப்புவது எப்படி என்பதைப் பார்ப்போம். அது பதில் தொடங்குவதற்கு முன்பே தொடங்குகிறது. தலைவர் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்: "அஞ்சு விஷயம் பேசணும். நேரம் போதணும்னு சில இடத்துல நடுவுல நிறுத்துவேன், தப்பா எடுத்துக்காதீங்க." இதைச் சொன்ன பேனலில் குறுக்கிட்டால் யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. சொல்லாத பேனலில் அதே குறுக்கீடு அறைவது போல விழுகிறது.

எப்போது நிறுத்துவது? என் பழக்கம் இரண்டு நிமிடம். அதற்குள் "நான் இதைச் செய்தேன்" என்று ஒரு வினைச்சொல்லாவது வராவிட்டால் கட்டத்தின் சொந்தக்காரர் நுழைய வேண்டும். அவர் சும்மா இருந்தால் தலைவர் தன் பேனாவை மேஜையில் வைப்பார், அதுதான் சைகை. மூச்சு வாங்கும் இடத்தில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவர் சொன்னதிலிருந்தே ஒரு சொல்லை எடுத்து, கேள்வியைச் சின்னதாக்கிக் கொடுங்கள். அன்றைக்கு மேலாளர் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்: "மென்பொருள் மாறினதுல கணக்கு இடிச்சது, புரிஞ்சுது. அது தெரிஞ்ச அன்னைக்கு நீங்க முதல்ல என்ன செஞ்சீங்க?" பெட்டிகளும் இரண்டு இரவுகளும் தானாக வந்திருக்கும்.

கேள்வியைச் சின்னதாக்கலாம், பதிலை வாயில் ஊட்டக் கூடாது. "அப்போ எல்லாத்தையும் திரும்ப எண்ணினீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். அடுத்து வருபவருக்கு அந்த உதவி கிடைக்காது, இருவரையும் ஒப்பிடவும் முடியாது.

"நாங்க செஞ்சோம், நாங்க பார்த்தோம்" என்றே போகிறவரும் தடம் மாறியவர்தான், ஆனால் வேறு மாதிரி. அவரை நிறுத்தத் தேவையில்லை. "அந்தக் குழுவுல உங்க கையில இருந்தது எது?" என்றால் போதும். கேள்வியே புரியாமல் பேசுகிறவர் மூன்றாவது வகை. அவரிடம் அதே வாக்கியத்தை உரத்துத் திருப்பிச் சொல்வதில் பயனில்லை, வேறு சொற்களில் கேளுங்கள். பெரும்பாலும் நாம் ஒரே மூச்சில் இரண்டு கேள்விகளைக் கட்டிக் கேட்டிருப்போம்.

ஒரே கேள்விக்கு இரண்டு முறை திருப்புங்கள். மூன்றாவது முறையும் நழுவினால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள், கடைசியில் நேரம் மிஞ்சினால் திரும்பி வரலாம். எத்தனை முறை திருப்பினோம் என்பதையும் குறிப்பெடுப்பவர் ஒரு கோடு போட்டு வைக்கட்டும். ஒருவருக்கு மூன்று உதவி, இன்னொருவருக்கு ஒன்றுமில்லை என்றால் அது தாளில் தெரிய வேண்டும்.

ஒரு இடத்தில் மட்டும் தயவுசெய்து மெதுவாக. சிலர் பதற்றத்தில் வீட்டு விஷயத்துக்குள் போய்விடுவார்கள்: உடம்பு சரியில்லாத அம்மா, முறிந்த திருமணம், கர்ப்பம். தோண்டாதீர்கள், ஆறுதலாகக்கூடத் துணைக் கேள்வி கேட்காதீர்கள், எழுதாதீர்கள். "சொன்னதுக்கு நன்றி. அது இந்த முடிவுல சேராது, நாம வேலைக்கு வருவோம்" என்று தலைவர் மட்டும் சொன்னால் போதும். மற்ற இருவரும் அந்த நேரத்தில் பேனாவைக் கீழே வைத்திருப்பது நல்லது. எழுதும் கையை வந்தவர் பார்ப்பார்.

முடிந்ததும் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். பதவியில் பெரியவர் கடைசியாகத்தான் வாய் திறக்க வேண்டும். அன்றைக்குக் கதவு மூடுவதற்குள் மேலாளர் "தேறாது" என்றார், மூன்று தாள்களிலும் அதே 2 வந்து உட்கார்ந்தது.

அந்தப் பதவி நிரம்பிவிட்டது. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் எழுதுவது என்று ஹெச்.ஆர். நண்பர் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அடுத்த பேனல் புதன்கிழமை. அதற்கு முன்னால் பதினைந்து நிமிடம் மூவரும் உட்கார்ந்து கட்டங்களைப் பிரித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். அதற்கு வர நேரமில்லை என்று யாராவது சொன்னால், அவருக்குப் பதிலாக வேறு ஆளைப் போடச் சொல்லியிருக்கிறேன்.