குவார்ட்டருக்கு மேல் ஒரு தூக்க மாத்திரை

குவார்ட்டர் பாட்டிலின் லேபிளில் 42.8 சதவீதம் என்று பொடி எழுத்தில் இருக்கும். 180 மில்லியில் அது சுமார் 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் 61 கிராம். நம் கல்லீரல் ஒரு மணி நேரத்தில் ஏழிலிருந்து பத்து கிராம் வரைதான் அதைக் கரைக்கும். மோர் குடித்தாலும், தலைக்குக் குளித்தாலும், நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தாலும் அந்த வேகம் பெரிதாகக் கூடாது. எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடித்தவர் உடம்பிலிருந்து அந்த ஒரு குவார்ட்டர் முழுதாக வெளியேற இரவு இரண்டு மணியிலிருந்து நாலே முக்கால் வரை ஆகிவிடும்.

இந்தக் கணக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கடலூரில் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் பார்க்கும் குடும்பங்களில் பலர், "குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் சார் மாத்திரை போட்டாரு" என்கிறார்கள். இரண்டு மணி நேர இடைவெளி போதும் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே போனதில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது. மாத்திரை அதன் மேல்தான் போய் விழுகிறது.

தூக்க மாத்திரை என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் அல்பிரசோலம், குளோனசிபம், டயசிபம், லோரசிபம் வகையைத்தான். சோல்பிடெம் என்று இன்னொன்றும் உண்டு. நிறைய வீடுகளில் இவற்றுக்குப் பெயர் 'நரம்பு மாத்திரை'. படபடப்புக்கோ, வலிப்புக்கோ, வயதானவர்களின் தூக்கத்துக்கோ யாரோ ஒருவருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது வீட்டில் எல்லோர் கைக்கும் எட்டும் டப்பாவில் கிடக்கும்.

மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுக்களின் வேலையைக் குறைப்பது, அமைதிப்படுத்துவது அதன் பொறுப்பு. வண்டிக்குப் பிரேக் மாதிரி. தூக்க மாத்திரை அந்த பிரேக்கைத் தானாக மிதிப்பதில்லை, ஏற்கெனவே மிதிபட்டிருப்பதைக் கொஞ்சம் அழுத்திக் கொடுக்கிறது. அதனால் மற்றபடி ஆரோக்கியமாக இருப்பவர் மாத்திரையை மட்டும் கூடுதலாகப் போட்டால் பெரும்பாலும் ஆழ்ந்த மயக்கத்தோடு தப்பிவிடுகிறார். மதுவும் அதே இடத்தில், ஆனால் வேறு வழியாக வேலை செய்கிறது. போதாததற்கு, மூளையை விழிப்பாக வைத்திருக்கும் குளூட்டமேட்டையும் அது அடக்குகிறது. இரண்டும் சேரும்போது மாத்திரைக்கு இருந்த வரம்பு போய்விடுகிறது. முகுளத்தில் இருக்கும் மூச்சு மையம், ரத்தத்தில் கரியமில வாயு கூடினாலும் கவனிக்காமல் மெத்தனமாகிறது. மூச்சின் எண்ணிக்கையும் ஆழமும் குறைகின்றன.

ஆனால் அனுபவத்தில் நான் அதிகம் பயப்படுவது மூச்சு மையத்தைவிடத் தொண்டையைத்தான். நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னால் சரிகின்றன. காற்று போகும் வழி குறுகுகிறது. வாந்தி வந்தால் சாதாரணமாக நம்மை இருமவைத்துக் காப்பாற்றும் அனிச்சைச் செயலும் மங்கிவிடுகிறது. மல்லாந்து படுத்திருப்பவரின் வாந்தி நேராக நுரையீரலுக்குள் போகிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். முதுநகர் பக்கம் கட்டட மேஸ்திரி, வயது 46, கனத்த உடம்பு, குட்டையான கழுத்து. குடிக்காத நாளிலும் சத்தமாகக் குறட்டை விடுவார், நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று இழுத்துக்கொள்வார் என்று மனைவி பிறகு சொன்னார். அன்று சம்பள நாள். புதுச்சேரி எல்லையில் இருக்கும் கன்னியக்கோயில் பக்கம் போய்விட்டு வந்து, எட்டிலிருந்து ஒன்பதரைக்குள் ஒரு குவார்ட்டரும் ஒரு கட்டிங்கும் முடித்திருக்கிறார். மொத்தம் 270 மில்லி, ஏறக்குறைய 91 கிராம் ஆல்கஹால். பத்தரைக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்று தன் அம்மாவின் குளோனசிபம் அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

குளோனசிபம் உச்சத்துக்கு வர ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் ஆகும். அவருக்கு அது தெரியாது. அரை மணி நேரத்தில் தூக்கம் வராததால் இன்னொன்று. இதற்குப் பிறகு நடந்தது அவருக்கு இன்றுவரை நினைவில்லை. இந்த மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் புதிய நினைவுகள் பதிவாவது நின்றுபோகும். ஆள் எழுந்து நடப்பார், பேசுவார், தண்ணீர் குடிப்பார், ஆனால் எதுவும் மனதில் தங்காது. நள்ளிரவுக்குப் பிறகு எழுந்தவர், மாத்திரை போட்டதையே மறந்து மேலும் இரண்டு போட்டிருக்கிறார். பட்டையில் நான்கு காலி. தான் போட்டது ஒன்றுதான் என்று பின்னாளில் அவர் அடித்துச் சொன்னார். பொய் சொல்லவில்லை. "எத்தனை போட்டீங்க" என்று ஆளைக் கேட்டு வரும் பதிலை நான் நம்புவதில்லை, காலியான பட்டையைப் பார்த்து எண்ணுகிறேன்.

இரண்டு மணிவாக்கில் குறட்டைச் சத்தம் மாறியிருக்கிறது. தண்ணீர் கொதிப்பதுபோல் களகளவென்ற சத்தம், நடுநடுவே அமைதி. "குடிச்சுட்டுத் தூங்குறாரு, எழுப்புனா சண்டை வரும்னு விட்டுட்டேன் சார்" என்றார் அவர் மனைவி. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறட்டை விட்டால் நிம்மதியாகத் தூங்குகிறார் என்றுதான் நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். நாலு மணிக்குப் பாத்ரூம் போக எழுந்த மகன் தலையணையில் வாந்தியைப் பார்த்து, அப்பாவைப் பக்கவாட்டில் புரட்டிவிட்டு 108-ஐ அழைத்தான். அவன் செய்த அந்த இரண்டு காரியம்தான் அவரைக் காப்பாற்றியது.

எங்களிடம் வந்தபோது நிமிடத்துக்கு ஏழு மூச்சு. ஆக்சிஜன் அளவு 74. தோளில் பலமாகக் கிள்ளினால் லேசான முனகல் மட்டும். முதலில் வாயில் இருந்ததை உறிஞ்சி எடுத்து, மூச்சுக் குழாய்க்குள் டியூப் போட்டு, வென்டிலேட்டரில் வைத்தோம். கூடவே சர்க்கரை அளவைப் பார்த்தோம். சாப்பிடாமல் குடித்தவர்களுக்குச் சர்க்கரை இறங்கியும் மயக்கம் வரும், தலையில் அடிபட்டும் வரும். எல்லாவற்றையும் போதை என்று ஒதுக்கிவிட முடியாது. வலது நுரையீரலில் நிமோனியா. வென்டிலேட்டரிலிருந்து எடுக்க மூன்று நாள் ஆனது.

அவருடைய தம்பி கேட்டார், "முறிவு ஊசி இருக்குன்னு சொல்றாங்களே டாக்டர், அதைப் போட்டா உடனே எழுந்துடுவாரே?" ஃபுளூமசெனில் என்று ஒன்று இருப்பது உண்மைதான். அது மாத்திரையின் வேலையை மட்டும்தான் தடுக்கும், மதுவை ஒன்றும் செய்யாது. தினமும் குடிப்பவருக்கோ, நாட்பட்டு இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கோ அதைப் போட்டால் வலிப்பு வந்துவிடலாம். அதனால் இப்படி வருபவர்களுக்கு நாங்கள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. மது கரையும்வரை, மாத்திரை இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை.

வீட்டில் இருப்பவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? குடித்துவிட்டு மாத்திரையும் போட்டிருக்கிறார் என்று தெரிந்தால், சண்டை வந்தாலும் பரவாயில்லை, எழுப்பிப் பாருங்கள். பேர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள், தோளைக் கிள்ளுங்கள். திட்டிக்கொண்டே கையைத் தட்டிவிட்டால் அப்போதைக்குச் சரி; பக்கவாட்டில் படுக்கவைத்து, கூடவே இருந்து, திரும்பத் திரும்பப் பாருங்கள். ஏனென்றால் மாத்திரை இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். எழவில்லை என்றால் வேறு எதற்கும் காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். மூச்சு நிமிடத்துக்குப் பத்துக்குக் கீழே இருந்தாலோ, விட்டுவிட்டு வந்தாலோ, களகள சத்தம் கேட்டாலோ, உதட்டின் உட்புறமும் நகமும் நீலம் பாய்ந்திருந்தாலோ அதேதான். பெரியவர்களுக்கு இயல்பாக 12 முதல் 20 வரை இருக்கும். வயிற்றின் மேல் கை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள்.

எலுமிச்சைச் சாறு, ஊறுகாய், மோர், காபி எதையும் வாயில் ஊற்றாதீர்கள். விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள். விழுங்கத் தெரியாத நிலையில் இருப்பவருக்கு ஊற்றியது நுரையீரலுக்குத்தான் போகும். மாத்திரைப் பட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து சிலர் மாத்திரையை மறைக்கிறார்கள். வேண்டுமென்றே போட்டிருந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள். சொன்னால் அந்த ராத்திரி ஆளைத் தனியாக விடமாட்டோம், மனநல மருத்துவரையும் பார்க்கவைப்போம்.

"இன்னைக்குக் குடிக்கப்போறேன், அதனால மாத்திரை வேண்டாம்" என்று நினைப்பவர்களும் உண்டு. அதில் பாதிதான் சரி. குளோனசிபமும் டயசிபமும் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். தினமும் போடுபவர் ஒரு வேளை விட்டாலும் நேற்றைய மாத்திரை இன்றைய குடியோடு சேர்ந்துகொள்ளும். நாட்பட்டு எடுப்பவர் ஒரேயடியாக நிறுத்தினாலோ வலிப்பு வரலாம். அதனால் இந்த மாத்திரை எடுக்கும் காலம் முழுவதும் குடிக்கக் கூடாது; நிறுத்துவதென்றால் எழுதிக் கொடுத்த மருத்துவர் சொல்லும் அளவில், படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின், வலிக்குத் தரும் டிரமடால், நரம்பு வலிக்குத் தரும் பிரீகாபலின் ஆகியவையும் மதுவோடு சேர்ந்தால் இதே பக்கம்தான் இழுக்கும்.

இன்னொரு கூட்டத்தையும் நான் மறக்க முடியாது. குடியை விட முயல்கிறவர்கள். தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம், அதன் பிறகு குழப்பமும் பிரமையும் வரலாம். அதைத் தடுக்க நாங்கள் கொடுப்பது குளோர்டயசிபாக்சைடு, லோரசிபம் போன்ற இதே குடும்பத்து மாத்திரைகளைத்தான். மதுவுக்குப் பதிலாகக் கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துகிறோம். மதுவின் இடத்தில் கொடுத்த மருந்தை மதுவோடு சேர்த்துப் போடுவதுதான் இங்கே ஆபத்து. அதனால் மாத்திரைப் பட்டை, குடியை விட முயல்கிறவர் கையில் இருக்கக் கூடாது. மனைவியோ அண்ணனோ வைத்திருந்து வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் தடுமாறிக் குடித்துவிட்டார் என்றால் அந்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் முதலில் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். திட்டமாட்டோம். அளவை மாற்றுவோம், தேவைப்பட்டால் படுக்கையில் சேர்த்துக்கொள்வோம்.

அந்த மேஸ்திரி இப்போது அந்த வழியில்தான் சிகிச்சை எடுக்கிறார். குறட்டைக்கும் தனியாகப் பரிசோதனை செய்யச் சொல்லியிருக்கிறோம். பகலெல்லாம் அசந்துபோய் இரவில் தூக்கம் கெட்டதற்கு அந்த மூச்சுத் தடையும் ஒரு காரணமாக இருக்கலாம். குடியை நிறுத்த எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு வரலாம். வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், அம்மாவுடையதையும் சேர்த்து.