எடை மையம் காட்டும் புள்ளியில் கிடங்கு கட்டலாமா?

புதுக் கிடங்குக்கு இடம் தேடுபவர்கள் பெரும்பாலும் ஓர் எக்செல் தாளோடுதான் வருவார்கள். வாடிக்கையாளர் இருக்கும் இடத்துக்கு x, y என்று இரண்டு எண்கள், பக்கத்தில் அவருக்குப் போகும் சரக்கின் அளவு. பெருக்கிக் கூட்டி, மொத்த அளவால் வகுத்தால் எடை மையம் என்ற ஒரு புள்ளி கிடைக்கும். எக்செல்லில் ஒரே வரி:

```
=SUMPRODUCT(B2:B5,D2:D5)/SUM(D2:D5)
```

இது x-க்கு. y-க்கும் இப்படியே. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தப் புள்ளியில்தான் லாரி ஓட்டம் குறைவு என்று நம்புவதில்தான் பிழை.

அண்மையில் என்னிடம் வந்த ஒரு கணக்கை எண்களைச் சுருக்கிச் சொல்கிறேன். வரைபடத்தில் கி.மீ. கட்டம் போட்டால் நான்கு வாடிக்கையாளர்கள். அ (20, 30), வாரம் 60 ட்ரிப். ஆ (100, 30), 20 ட்ரிப். இ (20, 90), 10 ட்ரிப். ஈ (180, 30), 10 ட்ரிப். எடை மையம் (52, 36) என்று வருகிறது. அங்கிருந்து ஒவ்வொருவருக்கும் உள்ள தூரத்தை ட்ரிப்பால் பெருக்கிக் கூட்டினால், வாரம் ஏறக்குறைய 4,830 கி.மீ. (போகும் வழி மட்டும். திரும்புவதையும் சேர்த்தால் எல்லா எண்ணும் இரட்டிப்பாகும், ஒப்பீடு மாறாது.)

சரி, கிடங்கை அ இருக்கும் இடத்திலேயே வைத்தால்? ஆ-வுக்கு 80 கி.மீ., இ-க்கு 60, ஈ-க்கு 160. மொத்தம் 3,800. வாரத்துக்கு ஆயிரம் கி.மீ.க்கு மேல் மிச்சம்! தாளைக் கொண்டுவந்தவர் இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

காரணம் இதுதான். எடை மையம் என்பது ஒரு பலகையை விரல் நுனியில் சாயாமல் நிறுத்தும் இடம். பலகையில் தூரத்தில் வைத்த எடை, அதே எடை கிட்டத்தில் இருப்பதைவிட அதிகமாக அழுத்தும். அதனால்தான் வாரம் 10 ட்ரிப் மட்டுமே போகும் ஈ, 180-ல் உட்கார்ந்துகொண்டு மையத்தைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறார். இந்தச் சராசரி குறைப்பது தூரத்தின் வர்க்கத்தை. டீசல் செலவாவதோ தூரத்துக்கு.

தூரத்தைக் குறைக்கும் புள்ளிக்கு வேறு படம் வேண்டும். பலகையில் நான்கு துளை போட்டு, துளைக்கு ஒரு கயிறாக விட்டு, மேலே எல்லாவற்றையும் ஒரே முடிச்சாகக் கட்டுங்கள். கீழே ட்ரிப் அளவுக்கு எடைகளைத் தொங்கவிடுங்கள். கயிறு நீளமோ குட்டையோ, இழுப்பு எடையைப் பொறுத்தது மட்டுமே. முடிச்சு நிற்கும் இடம்தான் நமக்கு வேண்டியது. ஒருவரிடமே மொத்தத்தில் பாதிக்கு மேல் இருந்தால், முடிச்சு அவருடைய துளைக்கே போய்விடும். இங்கே அ-விடம் நூற்றுக்கு 60.

அப்படி யாருக்கும் பாதி இல்லாதபோது 1937-ல் கணிதவியலாளர் வைஸ்ஃபெல்ட் சொன்ன வழி உண்டு. எடை மையத்தில் தொடங்கி, ஒவ்வொருவரின் ட்ரிப்பையும் அந்தப் புள்ளியிலிருந்து அவருக்குள்ள தூரத்தால் வகுத்து, அதைப் புது எடையாக வைத்து மறுபடி சராசரி எடுக்க வேண்டும். நம் கணக்கில் ஒரே சுற்றில் புள்ளி (52, 36)-லிருந்து (38, 34)-க்கு நகர்கிறது, ஓட்டம் 4,366 ஆகிறது. புள்ளி நகர்வது நிற்கும்வரை சுற்றினால் போதும்.

எடையாக எதைப் போடுவது என்பதிலும் கவனம் தேவை. விற்பனைத் தொகையைப் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிறைய. விலை கூடின சின்னப் பெட்டி லாரியில் எவ்வளவு இடம் பிடிக்கும்? ட்ரிப் எண்ணிக்கைதான் சரி. ஒரே லாரி ஆ-வைப் பார்த்துவிட்டு ஈ-க்கும் போகிறது என்றால், கிடங்கு எங்கிருந்தாலும் ஆ–ஈ நடுவிலுள்ள ஓட்டம் மாறாது. முதல் இறக்குமிடத்துக்குப் போவதும் கடைசி இடத்திலிருந்து திரும்புவதும் மட்டுமே கணக்கில் வரும். சப்ளையரிடமிருந்து வரும் லோடையும் இதே தாளில் சேர்க்க வேண்டும், பலர் மறப்பது அதைத்தான்.

அப்புறம், அ இருக்கும் இடத்திலேயே நிலம் கிடைக்காமல் போகலாம். பத்து கி.மீ. தள்ளித்தான் கிடைக்கிறது என்றால் எந்தப் பக்கம் என்று கேளுங்கள். கிழக்கே, அதாவது ஆ, ஈ இருக்கும் பக்கம் தள்ளினால் மொத்த ஓட்டம் 4,108. மேற்கே தள்ளினால் 4,708. மேற்கில் இருந்த மனையின் வாடகை குறைவாக இருந்தது, உரிமையாளரும் அதில்தான் மனம் வைத்திருந்தார். வாரம் 600 கி.மீ., திரும்புவதோடு 1,200, ஓட்ட ஆகும் செலவை அந்த வாடகை மிச்சத்துக்குப் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். கிழக்கில் இரண்டு மனைகளைப் பார்த்து, வரைபட நேர்க்கோட்டை விட்டுவிட்டு, சாலைத் தூரத்தில் கணக்கை மறுபடி போட்டோம். ஒன்றுக்கு ஆற்றைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மற்றதை எடுத்தார்கள்.