இனிப்புநீர் கால் புண்ணுக்கு எந்த டிரெஸ்ஸிங்? சான்று தேடிப் பேசப்போகும் தாதியருக்கு

பினாங்கில் புண் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் பயிற்சிக்கு வரும் இளைய தாதியர் ஒவ்வொருவரும் வார்டுக் கூட்டத்தில் சான்று அடிப்படையிலான பராமரிப்பு பற்றி ஒரு சிறிய உரை தர வேண்டும். பெரும்பாலானோர் எடுப்பது இரண்டு டிரெஸ்ஸிங்குகளை ஒப்பிடும் தலைப்புதான். அது நல்ல தேர்வு. தினமும் கையால் செய்கிற வேலை, கேள்வியும் உண்மையான கேள்வி.

சிக்கல் முதல் ஸ்லைடிலேயே தொடங்கிவிடுகிறது. "ஹைட்ரோஃபைபர் டிரெஸ்ஸிங் காஸைவிடச் சிறந்தது" என்று முடிவை எழுதி வைத்துவிட்டு, அதற்கு ஆதரவான கட்டுரைகளைத் தேடுகிறார்கள். தேடினால் கிடைக்கத்தான் செய்யும். எதிராக இருப்பவை கண்ணில் படாது. இதைத் தடுக்கத்தான் பிக்கோ என்ற கேள்வி அமைப்பு இருக்கிறது. நோயாளி யார், எந்தச் சிகிச்சை, எதோடு ஒப்பீடு, என்ன விளைவு என்ற நான்கையும் தேடலுக்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்போம். விவரங்கள் பலரிடமிருந்து சேர்த்தவை. பிறையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஐம்பதுகளில் உள்ள ஒருவர். பல ஆண்டுகளாக இனிப்புநீர். காலில் உணர்ச்சி குறைந்துவிட்டது. தைப்பூசத்தன்று வெறுங்காலோடு தார் ரோட்டில் நடந்தபோது கொப்புளம் வந்ததே தெரியவில்லை. கட்டைவிரலுக்குக் கீழே, உள்ளங்காலில் புண் வந்து இரண்டு மாதம் ஆகிறது. நீளம் சுமார் 2 சென்டிமீட்டர், எலும்பு தட்டவில்லை, சிவப்போ வீக்கமோ நாற்றமோ இல்லை, பாதத்தில் நாடி நன்றாகத் தெரிகிறது. கிளினிக்கில் தினமும் சலைனில் நனைத்த காஸ் வைத்துக் கட்டுகிறார்கள். "சிஸ்டர், ஃபார்மசியில ஒண்ணு விக்கிறாங்களே, விலை கூட. அதை வாங்கட்டுமா?" என்று கேட்கிறார்.

இப்போது "எந்த டிரெஸ்ஸிங் நல்லது?" என்று கேட்டால் எந்தத் தரவுத்தளமும் பதில் சொல்லாது. இப்படி எழுதிப் பாருங்கள்: இனிப்புநீர் உள்ள பெரியவர்களுக்கு, கிருமித்தொற்று இல்லாத, எலும்பு வரை போகாத, ஆறு வாரத்துக்கு மேல் ஆறாமல் இருக்கும் கால் புண்ணில், ஹைட்ரோஃபைபர் டிரெஸ்ஸிங் வைத்தால், ஒட்டாத சாதாரண டிரெஸ்ஸிங்கைவிட, 24 வாரத்துக்குள் புண் முழுமையாக மூடும் வாய்ப்பு கூடுமா?

நீளமான வாக்கியம்தான். ஆனால் இதில் ஒவ்வொரு துண்டும் ஒரு வேலை செய்கிறது. "கிருமித்தொற்று இல்லாத" என்பதை விட்டுவிட்டால், வெள்ளி கலந்த டிரெஸ்ஸிங் பற்றிய கட்டுரைகள் வந்து குவியும். "முழுமையாக மூடும்" என்பதை விட்டுவிட்டால் "நான்கு வாரத்தில் பரப்பு இத்தனை சதவீதம் குறைந்தது" என்று பேசும் ஆய்வுகள் முன்னால் வந்து நிற்கும். நான்கு வாரத்தில் பரப்பு பாதிக்கு மேல் குறைவது நல்ல அறிகுறிதான், சிகிச்சை சரியான வழியில் போகிறதா என்று பார்க்க நாமே அதைப் பயன்படுத்துகிறோம். ஆனால் நம் கடைக்காரருக்கு வேண்டியது மூடிய புண். டிரெஸ்ஸிங் விற்பனைப் பிரதிநிதிகள் தரும் பிரசுரங்களில் பரப்புக் குறைவுதான் பெரிய எழுத்தில் இருக்கும். அதனால் விளைவை நீங்கள் முன்பே எழுதி வைத்திருப்பது முக்கியம்.

ஒப்பீட்டுப் பகுதிதான் எல்லோரும் அவசரமாகக் கடக்கும் இடம், நான் அதிகம் நிறுத்திக் கேட்கும் இடமும் அதுவே. "காஸ்" என்று எழுதுகிறீர்களே, எந்தக் காஸ்? நனைத்து வைத்து, காய்ந்த பிறகு பிய்த்து எடுப்பது ஒரு முறை. அது அழுகலோடு புதிதாக வளர்ந்த சதையையும் சேர்த்து உரித்துவிடும். ஈரம் காயாமல் அடிக்கடி மாற்றுவது இன்னொரு முறை. புண்ணில் ஒட்டாத, பின்னப்பட்ட விஸ்கோஸ் துணியை வைத்து மேலே உறிஞ்சும் பட்டை கட்டுவது மூன்றாவது. மூன்றையும் "பாரம்பரிய டிரெஸ்ஸிங்" என்று ஒரே பெயரில் எழுதிவிட்டால், காய்ந்த காஸைத் தோற்கடித்த ஆய்வை வைத்து ஒட்டாத டிரெஸ்ஸிங்கையும் தோற்கடித்ததாகப் பேசிவிடுவோம். ஈரமான சூழலில் தோல் விரைவாக மூடுகிறது என்பதை 1962-லேயே ஜார்ஜ் விண்டர் பன்றிகளில் மேலோட்டமான காயங்களை வைத்துக் காட்டினார். அது காய விடுவதற்கும் ஈரமாக வைப்பதற்கும் இடையிலான ஒப்பீடு. இரண்டு ஈர டிரெஸ்ஸிங்குகளில் எது மேல் என்று அது சொல்லவில்லை.

கேள்வி தயாரானதும் தேடல் எளிது. பப்மெட்டில் இப்படித் தொடங்கலாம்:

```
("diabetic foot" OR "foot ulcer") AND (hydrofiber OR hydrofibre OR Aquacel) AND (randomized OR randomised)
```

ஒப்பீட்டையும் விளைவையும் தேடல் சொற்களில் போடாதீர்கள். கட்டுரைச் சுருக்கத்தில் அவை வேறு சொற்களில் இருந்தால் நல்ல ஆய்வு தப்பிவிடும். நோயாளியையும் சிகிச்சையையும் வைத்துத் தேடிவிட்டு, மற்ற இரண்டையும் வாசித்துப் பார்த்து வடிகட்டலாம். அப்புறம் காக்ரேன் நூலகத்தில் இதே தலைப்பில் தொகுப்பாய்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நேராகப் பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டனில் நடந்து 2009-ல் வெளிவந்தது. 317 பேரை மூன்று குழுக்களாகக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: ஒட்டாத விஸ்கோஸ் டிரெஸ்ஸிங், அயோடின் சேர்த்த டிரெஸ்ஸிங், ஹைட்ரோஃபைபர். ஆறு வாரத்துக்கு மேற்பட்ட, தசைநாணையோ எலும்பையோ தொடாத, 25 முதல் 2500 சதுர மில்லிமீட்டர் வரை பரப்புள்ள புண்கள். நம் கடைக்காரர் இதற்குள் வருகிறார். 24 வாரத்தில் முழுமையாக ஆறியவர்கள் ஒட்டாத டிரெஸ்ஸிங்கில் 38.7 சதவீதம், அயோடினில் 44.4, ஹைட்ரோஃபைபரில் 44.7. புள்ளியியல்படி வித்தியாசம் இல்லை என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

"44.7 பெரிசுதானே சிஸ்டர்?" என்று பயிற்சி தாதி ஒருவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. வித்தியாசம் 6 புள்ளி. ஒவ்வொரு குழுவிலும் நூற்றுச் சொச்சம் பேர். அந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால், உண்மையான வித்தியாசம் ஹைட்ரோஃபைபர் 7 புள்ளி பின்தங்கியிருப்பதிலிருந்து 19 புள்ளி முந்தியிருப்பது வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஆகவே "இரண்டும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது" என்றும் ஸ்லைடில் எழுதக்கூடாது. "ஹைட்ரோஃபைபர் மேல் என்று இந்த ஆய்வு காட்டவில்லை" என்பதுதான் எழுதக்கூடியது. இந்த ஆய்வில் 88 பேர் இடையில் விலகிவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். விலகியவர்களை நீக்கிவிட்டுக் கணக்கிட்டால் சதவீதங்கள் 59.4, 55.2, 63.0 என்று உயர்ந்து அழகாகத் தெரியும். முதலில் சேர்ந்த எல்லோரையும் வைத்த எண்களையே எடுங்கள். நம்மிடமும் பாதியில் வராமல் போகிறவர்கள் நிறைய.

செலவில் மட்டும் தெளிவான வித்தியாசம் வந்தது. ஒரு நோயாளிக்கு டிரெஸ்ஸிங் செலவு சராசரியாக ஒட்டாததற்கு 14.85 பவுண்ட், ஹைட்ரோஃபைபருக்கு 43.60 பவுண்ட். ஹைட்ரோஃபைபரை மாற்றும் எண்ணிக்கை குறைந்தாலும் அந்தச் சேமிப்பு விலையை ஈடுகட்டவில்லை. இந்த எண்களை அப்படியே ரிங்கிட்டாக மாற்றி ஸ்லைடில் போடுவதில் பயனில்லை. நம் ஊரில் நோயாளி எவ்வளவு கையிலிருந்து கொடுக்கிறார், கிளினிக்குக்கு வந்துபோக எவ்வளவு ஆகிறது, அதற்காக எத்தனை நாள் கடையை மூடுகிறார் என்று வேறு கணக்கு போட வேண்டும். அந்தக் கணக்கில் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றும் டிரெஸ்ஸிங் சிலருக்கு லாபமாகவே முடியலாம். அதைத் தனி விளைவாக, தனி வரியில் எழுதுங்கள். புண் ஆறுவதோடு கலக்காதீர்கள்.

நோயாளி மாறினால் பதிலும் மாறும் என்பதற்கு ஒரு எதிர் உதாரணமும் காட்டலாம். 2018-ல் வெளிவந்த எக்ஸ்ப்ளோரர் ஆய்வில், நரம்பு பாதிப்போடு ரத்த ஓட்டமும் குறைந்த கால் புண்களை மட்டும் எடுத்தார்கள். சுக்ரோஸ் ஆக்டாசல்ஃபேட் சேர்த்த டிரெஸ்ஸிங்கை, அந்தப் பொருள் மட்டும் இல்லாத அதே டிரெஸ்ஸிங்கோடு ஒப்பிட்டார்கள். 20 வாரத்தில் முறையே 48 சதவீதமும் 30 சதவீதமும் ஆறின. எது எந்தக் குழு என்று நோயாளிக்கும் தெரியாது, சிகிச்சை தருபவருக்கும் தெரியாது. இது வலுவான சான்று. ஆனால் நம் கடைக்காரருக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. இந்த முடிவை அவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

கடைசியாக, பல உரைகளில் விட்டுப்போகும் ஒரு ஸ்லைடு. உள்ளங்கால் புண்ணில் எடை விழுந்துகொண்டே இருந்தால் எந்த டிரெஸ்ஸிங்கும் அதை மூடாது. அனைத்துலக இனிப்புநீர்க் கால் பணிக்குழுவின் வழிகாட்டி, முன்பாதத்தில் உள்ளங்கால் புண்ணுக்கு முழங்கால் வரை வரும், கழற்ற முடியாத எடைகுறைப்புக் கருவியை முதல் தேர்வாகச் சொல்கிறது. டிரெஸ்ஸிங்கைப் பொறுத்தவரை, கசிவைக் கட்டுப்படுத்துவது, சௌகரியம், விலை ஆகியவற்றை வைத்தே தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அதன் 2019 பதிப்பு. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கும் மனிதரிடம் டிரெஸ்ஸிங் பற்றி மட்டும் பேசிவிட்டு அனுப்புவது அவருக்கு நியாயமில்லை. காய்ந்த தோலைச் சீவி எடுப்பது, சர்க்கரை அளவு, காலணி எல்லாம் இரண்டு டிரெஸ்ஸிங்குக்கும் ஒரே மாதிரி நடந்தால்தான் ஒப்பீடே செல்லுபடியாகும்.

அதனால் பரிந்துரை ஸ்லைடில் நான் எழுதச் சொல்வது இதுதான். கிருமித்தொற்று இல்லாத, ரத்த ஓட்டம் நல்ல, கசிவு குறைந்த புண்ணுக்கு ஒட்டாத சாதாரண டிரெஸ்ஸிங் போதும். காய்ந்த காஸைப் பிய்க்கும் பழக்கத்தை நிறுத்த வேண்டும். கசிவு அதிகமாகி, சுற்றுத்தோல் ஊறி வெளுத்தால் ஹைட்ரோஃபைபருக்கு மாறலாம், கசிவு குறைந்ததும் திரும்பலாம். எடைகுறைப்புக்கு உடனே பரிந்துரை அனுப்ப வேண்டும். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் டிரெஸ்ஸிங்கை மாற்றுவதற்கு முன்பு ரத்த ஓட்டம், தொற்று, எலும்பு, எடை ஆகிய நான்கையும் மறுபடி பார்க்க வேண்டும். அதற்கு முதல் நாளிலேயே புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக் கோப்பில் போட்டிருக்க வேண்டும்.

கடைக்காரர் விலை உயர்ந்ததை வாங்கவில்லை. காலணியை மாற்றச் சொன்னதைத்தான் முதலில் மறுத்தார். அவர் மனைவி வந்து உட்கார்ந்து கேட்ட பிறகு, அடுப்படியில் உயரமான நாற்காலி ஒன்று போட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டார்.