வழக்கு ஒன்று, கடிதம் ஒன்று: கணக்காய்வாளர் எதை நம்பலாம்?

வெள்ளவத்தையில் தமிழ் மொழிமூலம் படிக்கும் பிள்ளைகளின் நிறுவன ஆளுகை விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: "முகாமைத்துவம் பிரதிநிதித்துவக் கடிதம் தந்திருப்பதால் கணக்காய்வாளருக்குப் போதிய சான்று உண்டு." பிரதிநிதித்துவக் கடிதம் என்பது கணக்கு விடயங்களை முகாமைத்துவம் எழுத்தில் உறுதிப்படுத்திக் கணக்காய்வாளருக்குத் தரும் கடிதம். புள்ளி போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஒரு கற்பனை உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

கொழும்பில் பட்டியலிடப்பட்ட கம்பனி ஒன்று. மார்ச் 31 இல் முடியும் ஆண்டுக்கு வரிக்கு முந்திய இலாபம் 90 மில்லியன் ரூபா. வழங்குநர் ஒருவர் 60 மில்லியன் ரூபா கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். கணக்கில் அதற்கு ஏற்பாடு, அதாவது கட்ட நேரலாம் என்று முன்கூட்டியே பதியும் தொகை, எதுவும் இல்லை. நிதிப் பணிப்பாளர் சொல்கிறார்: "வழக்கு நிக்காது. கடிதத்தில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாறோம்."

இலங்கைக் கணக்காய்வு நியமம் 580 இங்கே தெளிவாக இருக்கிறது. இப்படியான கடிதத்தில் வரும் எழுத்துமூலக் கூற்று தேவையான சான்றுதான், ஆனால் அது தனியாக நின்று போதிய சான்றாகாது. நல்ல கடிதம் கிடைத்துவிட்டது என்பதற்காகக் கணக்காய்வாளர் தான் செய்யவேண்டிய வேறு சோதனைகளைக் குறைக்கவும் முடியாது. வழக்கு விடயத்தில் அந்த வேறு சோதனை எது என்றால், கம்பனியின் வெளிச் சட்டத்தரணியிடம் நேரடியாக எழுதிக் கேட்பது. கேள்விக் கடிதத்தை முகாமைத்துவம் தயாரிக்கும், கணக்காய்வாளர் அனுப்புவார், பதில் கணக்காய்வாளருக்கே நேரே வரவேண்டும்.

இனி இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

சட்டத்தரணி பதில் எழுதி, "தோற்பதற்கே கூடிய வாய்ப்பு, சுமார் 45 மில்லியன் கட்ட நேரலாம்" என்கிறார் என்று வைப்போம். தோற்கும் வாய்ப்பு தோற்காத வாய்ப்பைவிடக் கூடவாக இருந்து, தொகையையும் நம்பகமாக மதிப்பிடலாம் என்றால், கணக்கீட்டு நியமம் 37 இன்படி ஏற்பாடு செய்தே ஆகவேண்டும். இலாபம் பாதியாகிவிடும். முகாமைத்துவம் மாற்ற மறுத்தால் சான்று இல்லை என்று சொல்ல இடமில்லை. சான்று கையில் இருக்கிறது, கணக்குத்தான் பிழை. ஆகவே தகைமைப்படுத்தப்பட்ட அபிப்பிராயம், அதாவது இந்த விடயம் தவிர மற்றவை சரி என்ற அபிப்பிராயம். பிழையின் தாக்கம் முழு நிதிக்கூற்றுக்களிலும் பரவியதென்று தீர்மானித்தால் பாதக அபிப்பிராயம், அதாவது நிதிக்கூற்றுக்கள் முழுவதுமே சரியான நிலையைக் காட்டவில்லை என்ற அபிப்பிராயம்.

மற்ற வழி: சட்டத்தரணியிடம் கேட்கவே முகாமைத்துவம் விடவில்லை, வேறு வழியிலும் சான்று கிடைக்கவில்லை. இது கணக்காய்வின் பரப்புக்கு வரையறை விதிக்கப்பட்ட நிலை. தகைமைப்படுத்துவது அல்லது அபிப்பிராயம் தெரிவிக்க மறுப்பது என்பதுதான் இங்கே தெரிவு. பாதக அபிப்பிராயம் இங்கே வராது.

முதல் வழியில் இன்னொரு விடயமும் எழும்பும். கடிதம் ஒன்று சொல்ல, சட்டத்தரணி வேறொன்று சொன்னால், முகாமைத்துவம் தந்த மற்றக் கூற்றுக்களையும் நம்பலாமா என்று கணக்காய்வாளர் திரும்ப யோசிக்கவேண்டும். நேர்மையில் போதிய சந்தேகம் வந்து கூற்றுக்களையே நம்பமுடியாது என்ற முடிவுக்கு வந்தால் அபிப்பிராயம் தெரிவிக்க மறுக்கவேண்டும். நிதிக்கூற்றுக்களுக்குத் தாமே பொறுப்பு என்பதையும், எல்லாத் தகவலையும் தந்துவிட்டோம், எல்லாக் கொடுக்கல் வாங்கலையும் பதிந்துவிட்டோம் என்பதையும் எழுதித்தர மறுத்தாலும் அதே முடிவுதான்.

சரி, பணிப்பாளர் சபையின் உபகுழுவான கணக்காய்வுக் குழு எங்கே வருகிறது? நிதிப் பணிப்பாளரோடு முரண்பட்ட கணக்காய்வாளர் போய் நிற்கும் இடம் அது. குழு சட்டத்தரணியின் பதிலைத் தானே வாசித்து, ஏன் ஏற்பாடு இல்லை என்று கேட்கவேண்டும். முகாமைத்துவம் அறையில் இல்லாமல் கணக்காய்வாளரோடு பேசவேண்டும். பங்குப் பரிவர்த்தனையின் பட்டியலிடல் விதிகளில் நிறுவன ஆளுகைக்கான 9 ஆம் பிரிவு, குழுவில் சுயாதீனப் பணிப்பாளர்களைக் கேட்பதும் இதற்காகத்தான் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

வினாவில் கணக்காய்வாளரின் சுயாதீனத்தை நுழைக்க ஒரு வரி போதும்: "60 மில்லியன் கோரிக்கையின் மதிப்பீட்டைச் செய்தது கணக்காய்வு நிறுவனத்தின் ஆலோசனைப் பிரிவு." இது சுயமீளாய்வு அச்சுறுத்தல். தான் போட்ட தொகையைத் தானே சரிபார்க்கிறார். அதே பிரிவு நீதிமன்றத்தில் கம்பனிக்காகப் பேசினால் பரிந்துபேசல் அச்சுறுத்தலும் சேரும். பட்டியலிடப்பட்ட கம்பனியில் "வேறு ஆட்களைப் போட்டுப் பார்க்கலாம்" என்று எழுதித் தப்பமுடியாது. அந்தச் சேவையை ஏற்றிருக்கவே கூடாது. கணக்காய்வுக் குழுவும் அதற்குச் சம்மதித்திருக்கக்கூடாது.

கடைசியாகத் திகதி. அறிக்கை மே 28 என்றால் கடிதம் ஜூன் 5 ஆக இருக்கமுடியாது. ஏப்ரல் 10 என்றாலும் சரிவராது. இடைப்பட்ட வாரங்களில் வழக்கில் ஏதும் நடந்திருந்தால் அது கடிதத்தில் இராது. நியமம் கேட்பது அறிக்கைத் திகதிக்கு இயன்றளவு கிட்டிய, ஆனால் அதற்குப் பிந்தாத திகதி. கடிதம் கணக்காய்வாளருக்கே முகவரியிடப்பட்டிருக்கவேண்டும். பங்குதாரருக்கு முகவரியிட்ட கடிதத்தை வினாவில் கண்டால், அதையும் பிழையாகக் குறித்துவிடுங்கள்.