கணக்கு அட்டவணையைத் தமிழாக்கும்போது கட்டங்களுக்கு நடுவில் நழுவும் பொருள்

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அதனால் அவற்றின் ஆண்டுக் கணக்கும் மற்ற கம்பெனிகளின் கணக்கைப் போலவே, ஆடிட்டர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஆங்கில அட்டவணைகளாக வருகிறது. பங்குதாரர்களோ பெரும்பாலும் தமிழில் மட்டும் படிக்கும் விவசாயிகள். பொதுக்கூட்டத்துக்கு முன்னால் இந்த அட்டவணைகளைத் தமிழாக்கித் தரும் வேலையை நான் செய்து வருகிறேன். மற்றவர்கள் செய்ததைச் சரிபார்த்தும் தருகிறேன். சரிபார்க்கும்போது எண்ணைத் தப்பாகத் தட்டச்சு செய்திருப்பதை அரிதாகத்தான் பார்க்கிறேன். எண்ணும் சரி, சொல்லும் சரி, ஆனால் எந்தச் சொல் எந்த எண்ணுக்கு உரியது என்பது குழம்பிப் போயிருக்கும். அந்தக் குழப்பம்தான் அடிக்கடி கண்ணில் படுகிறது.

இதைப் பார்க்க நல்ல இடம் நிலைச்சொத்து அட்டவணை. தலைப்பு இரண்டு அடுக்காக இருக்கும். மேலடுக்கில் மூன்று அகலமான கட்டங்கள்: சொத்தின் அடக்கவிலை, தேய்மானம், நிகர மதிப்பு. அடக்கவிலையின் கீழே நான்கு நிரல்கள்: ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தது, ஆண்டில் சேர்ந்தது, கழிந்தது, ஆண்டு முடிவில் இருப்பது. தேய்மானத்தின் கீழேயும் அதே போல நான்கு. நிகர மதிப்பின் கீழே இந்த ஆண்டு, போன ஆண்டு என்று இரண்டு. இடது ஓரத்தில் நிலம், கட்டடம், இயந்திரங்கள், வாகனம். அவற்றுக்குக் கீழே ஓர் இடைக்கூட்டல், பிறகு மென்பொருள், கடைசியில் மொத்தம்.

கீழே சொல்லும் எண்கள் விளக்கத்துக்காக நானே அமைத்தவை, எல்லாம் ஆயிரம் ரூபாயில். இயந்திரங்கள் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் அடக்கவிலை 5,150. சேர்ந்தது 1,850, கழிந்தது 400, முடிவில் 6,600. தேய்மானம் தொடக்கத்தில் 1,480, இந்த ஆண்டுக்கு 510, நீக்கியது 250, முடிவில் 1,740. நிகர மதிப்பு 4,860.

ஆங்கிலத்தில் 400-க்கு மேலே இருக்கும் தலைப்பும் 250-க்கு மேலே இருக்கும் தலைப்பும் ஒரே சொல்தான். மேலடுக்கில் உள்ள அகலக் கட்டம் வேறுபாட்டைச் சொல்லிவிடுவதால் அங்கே அது போதும். 400 என்பது விற்றுவிட்ட பழைய இயந்திரத்தின் அடக்கவிலை. 250 என்பது அதே இயந்திரத்தின்மேல் அதுவரை எழுதிய தேய்மானம், இயந்திரமே போய்விட்டதால் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். முதல் எண் சொத்து மதிப்பைக் குறைக்கிறது, இரண்டாவது அந்தக் குறைவில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. மொழிபெயர்ப்பு மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இங்கே ஒரு பொறி உண்டு. ஒரே சொல் இரண்டாம் முறை வந்தால் முதலில் கொடுத்த தமிழையே அது தானாக நிரப்பிவிடும். ‘விற்ற சொத்துகள்’ என்று முதலில் எழுதியிருந்தால், தேய்மானத்தின் கீழேயும் ‘விற்ற சொத்துகள் 250’ என்று வந்து நிற்கும். படிப்பவர் 400-க்கு ஒன்று, 250-க்கு ஒன்று என இரண்டு இயந்திரங்கள் விற்றதாக நினைத்தால் அவர்மேல் தவறில்லை. இந்த அட்டவணையில் மட்டும் தானாக நிரப்புவதை நிறுத்திவிட்டு, முதல் இடத்தில் ‘விற்றவை’ என்றும் இரண்டாவது இடத்தில் ‘விற்றவற்றின் தேய்மானம் நீக்கம்’ என்றும் எழுதுகிறேன். இரண்டாவது கொஞ்சம் நீளம்தான், ஆனால் மேல்கட்டத்தைப் பார்க்காமலே புரியும்.

மேல்கட்டத்தைப் பார்க்காமல் புரிய வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஒன்றிணைத்த கட்டம் நிலையானதல்ல. எக்செலில் Merge & Center செய்த கட்டத்தைப் பிரித்தால், உள்ளே இருந்த சொல் இடது ஓரக் கட்டத்தில் மட்டும் தங்கும், மற்ற மூன்றும் காலியாகிவிடும். யாராவது வரிசைப்படுத்துவதற்காகவோ வேறு கோப்பில் ஒட்டுவதற்காகவோ பிரித்துவிட்டால், ‘தேய்மானம்’ என்ற தலைப்பு தொடக்க நிரலுக்கு மட்டும் உரியதாகத் தெரியும். பிடிஎஃப்-ஐ வேர்டாக மாற்றும்போதும் இதே கதிதான். அகலக் கட்டம் துண்டாகி, சொல் நடு நிரல் ஒன்றின்மேல் மிதக்கும். ஆகவே கோப்பு கைக்கு வந்ததும் மொழிபெயர்க்க உட்காருவதற்கு முன் ஒரு தாளில் எழுதிவிடுகிறேன்: இந்தத் தலைப்பு B முதல் E வரை, இது F முதல் I வரை, இது J, K. ஐந்து நிமிட வேலை. முடித்த பிறகு அந்தத் தாளோடு ஒத்துப் பார்த்தால் எது நகர்ந்தது என்று உடனே தெரியும்.

அடுத்தது, கூட்டலில் சேராத வரிசை. இயந்திரங்களுக்குக் கீழே, சற்று உள்தள்ளி, ‘இதில் வங்கிக் கடனுக்கு ஈடாக உள்ளவை 2,300’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இது 4,860-க்குள் அடங்கிய தொகை, தனிச் சொத்து அல்ல. நிலம் 1,200, கட்டடம் 2,640, இயந்திரங்கள் 4,860, வாகனம் 450, ஆக இடைக்கூட்டல் 9,150. ஆங்கில மூலத்தில் உள்தள்ளலும் சாய்வெழுத்தும் சேர்ந்து அந்த வரியை விலக்கிக் காட்டின. தமிழில் சொல் நீளமானதும் வடிவமைப்பவர் இடம் பிடிக்க உள்தள்ளலை எடுத்துவிடுகிறார், எழுத்துரு மாறியதில் சாய்வெழுத்தும் போய்விடுகிறது. ‘இதில்’ என்ற சொல்லையும் யாராவது சுருக்கிவிட்டால் அது ஐந்தாவது சொத்தாகவே ஆகிவிடும். கூட்டத்தில் ஒருவர் கால்குலேட்டரில் கூட்டினால் 11,450 வரும், அச்சில் 9,150 இருக்கும். இல்லாத பணம் எங்கே போனது என்ற கேள்வி எழுந்துவிட்டால் அதை அடக்குவது எளிதல்ல.

நம் ஊர்க் கணக்குப் புத்தகங்களில் இதற்கு நல்ல வழக்கம் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது: உள்ளடங்கிய தொகையை உள்நிரலில் எழுதி, கூட்ட வேண்டியதை மட்டும் வெளிநிரலில் வைப்பது. பத்து நிரல் அட்டவணையில் அதற்கு இடமில்லை. அப்போது எண்ணை நிரலிலிருந்தே எடுத்து, வரிசையின் பெயருக்குள் வைத்துவிடலாம்: ‘இயந்திரங்கள் (இதில் 2,300 வங்கிக் கடனுக்கு ஈடு)’. எண் நிரலில் இல்லை என்றால் யாரும் அதைக் கூட்டப் போவதில்லை. ஆனால் இது அமைப்பையே மாற்றும் வேலை. ஆடிட்டரிடம் கேட்டு, அவர் சரி என்ற பிறகுதான் செய்ய வேண்டும்.

பெயர்களில் ஒரு சிறிய எச்சரிக்கை. நிலைச்சொத்தின் முழு அடக்கவிலையை ‘மொத்த மதிப்பு’ என்று எழுதிவிட்டு, கடைசி வரிசைக்கும் ‘மொத்தம்’ என்று எழுதினால், நிரலின் தலைப்பும் வரிசையின் பெயரும் ஒன்றாகிவிடும். ‘கூடுதல்’ இன்னும் மோசம். ஆண்டில் சேர்ந்தது என்றும் படிக்கலாம், கூட்டுத்தொகை என்றும் படிக்கலாம். நான் அடக்கவிலை, சேர்ந்தவை, இடைக்கூட்டல், மொத்தம் என்று நான்கையும் பிரித்து வைத்துக்கொண்டு, அறிக்கை முழுவதும் அதை மாற்றுவதில்லை.

அடிக்குறிப்புகளுக்கு வருவோம். குறியீடு எந்தக் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதே அதன் பொருளில் பாதி. ‘இயந்திரங்கள்’ என்ற பெயரின்மேல் இருந்தால் அந்த வரிசை முழுவதற்கும் உரியது. ‘தேய்மானம்’ என்ற அகலக் கட்டத்தில் இருந்தால் நான்கு நிரல்களுக்கும் உரியது. 1,850 என்ற எண்ணின்மேல் இருந்தால் அந்த ஒரு எண்ணுக்கு மட்டும். தமிழாக்கும்போது சொல்வரிசை புரள்வதால், குறியீடு தொடரின் நடுவில் மாட்டிக்கொள்வது உண்டு. தலைப்பு எப்படிப் புரண்டாலும் குறியீடு தலைப்பின் கடைசியில்தான் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணின்மேல் வரும் குறியீட்டுக்கு ஒருபோதும் இலக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள். 1,850-இன் தோளில் சிறியதாக 1 என்று போட்டால், நகலெடுத்து ஒட்டும்போது சிறிய எழுத்து இயல்பு எழுத்தாகி 1,8501 என்று நிற்கும். காற்புள்ளியைத் திருத்துகிறேன் என்று ஒருவர் வந்தால் அது 18,501 ஆகிவிடும். (அ), (ஆ) அல்லது * என்ற உடுக்குறி போதும். எக்செலில் இன்னொரு சிக்கல் உண்டு. எண்ணுக்குப் பக்கத்தில் உடுக்குறியைத் தட்டிவிட்டால் அந்தக் கட்டம் எண்ணாக இராது, எழுத்தாகிவிடும். SUM அதைக் கூட்டாது, பிழை என்றும் சொல்லாது, பேசாமல் விட்டுவிடும். சேர்ந்தவை நிரலில் 1,850 ஒன்றுதான் எண் என்பதால் இடைக்கூட்டல் பூஜ்யமாகும், அதைக் கவனித்துவிடலாம். பல எண்கள் உள்ள நிரலில் கவனிப்பது கடினம். அதற்குப் பதிலாக Format Cells-இல் Custom என்பதில் இப்படிக் கொடுங்கள்:

```
#,##0"*"
```

திரையிலும் அச்சிலும் 1,850* என்று தெரியும். உள்ளே அது எண்ணாகவே இருக்கும்.

இட நெருக்கடியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொருள் கெடுவது பல நேரம் அங்கேதான் தொடங்குகிறது. வேர்டில் வரிசையின் உயரம் Exactly என்று பூட்டியிருந்தால், தமிழ்த் தலைப்பின் இரண்டாவது வரி வெட்டுப்பட்டு மறைந்துவிடும். ‘விற்றவற்றின் தேய்மானம் நீக்கம்’ என்பதில் ‘நீக்கம்’ மறைந்தால் தலைப்பின் பொருளே தலைகீழ். அதை At least என்று மாற்றுங்கள். எக்செலில் ஒன்றிணைத்த கட்டங்களுக்கு AutoFit வேலை செய்யாது, உயரத்தைக் கையால்தான் இழுக்க வேண்டும். கிடைமட்டத் தலைப்புகளுக்கு Merge & Center-க்குப் பதிலாக Format Cells-இல் Alignment பகுதியில் உள்ள Center Across Selection போட்டால், பார்வைக்கு அதேதான், கட்டங்கள் ஒன்றிணையாமலே இருக்கும். பத்து எண் நிரல்களை நிமிர்ந்த ஏ4 தாளில் திணிக்காதீர்கள், படுக்கைவாட்டில் வையுங்கள். எழுத்தை 8 புள்ளிக்குக் கீழே கொண்டுபோனால் புள்ளியும் கொம்பும் கரைந்துவிடுகின்றன. அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போனால் தலைப்பின் இரண்டு அடுக்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து Repeat Header Rows கொடுக்க வேண்டும். மேலடுக்கை மட்டும் கொடுத்தால் அடுத்த பக்கத்தில் நிரல் பெயர்கள் இருக்காது.

எல்லாம் முடிந்ததும் இரண்டு சோதனை. இயந்திரங்கள் 7-ஆவது வரிசையிலும், ‘இதில்’ வரி 8-ஆவதிலும், இடைக்கூட்டல் 10-ஆவதிலும் இருப்பதாகக் கொண்டால்:

```
=E7-I7-J7
=J5+J6+J7+J9-J10
```

முதலாவது குறுக்கே பார்க்கிறது: 6,600-இல் 1,740 போனால் 4,860. இரண்டாவது நெடுக்கே பார்க்கிறது, 8-ஆவது வரிசையைத் தாண்டிச் செல்கிறது. இரண்டும் பூஜ்யம் வர வேண்டும். J5 முதல் J9 வரை ஒரேயடியாக SUM போட்டால் 11,450 வந்து, இல்லாத பிழையைக் காட்டும்.

ஒன்று இரண்டு என்று வித்தியாசம் வந்தால் அது எண்களை ஆயிரத்துக்கு முழுமையாக்கியதால் வந்ததாக இருக்கலாம். மூலத்திலும் அதே வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எண்ணைத் தொடாதீர்கள், ஆடிட்டர் கையெழுத்திட்ட எண் அது. எந்தக் கட்டம், எவ்வளவு வித்தியாசம் என்று ஒரு வரியில் அவருக்கு எழுதி, பதில் வரும்வரை அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாமல் வைத்திருங்கள்.